ஒரே வாசலின் இரண்டு படங்கள்

எச்.டி.ஆர். படத்தில் எங்கே பிசகு என்று கண்டுபிடிப்பதில் எங்கள் கமரா வட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெருமையெல்லாம் போன வருஷத்தோடு போய்விட்டது. ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது.

பலாங்கொடை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். மிஞ்சிப்போனால் பத்துப் பேர். தலைவர் ஒரு ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர். எல்லாரும் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். மாணிக்கக்கல் வியாபாரி ஒருவர் இருக்கிறார். கடைக்காரர் முஸ்லிம், தமிழ் பேசுகிறவர், எனக்கு அண்ணன் முறையில் அவர் நானா. மற்றவர்களெல்லாம் சிங்களவர்கள் என்பதால் பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான் நடக்கும். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. சொல்லப்போனால் என் சிங்களத்தைக் கேட்டுவிட்டு யாரும் என்னை எங்கிருந்து வந்தவன் என்று கேட்டதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் பக்கத்தில்தான் என்பேன். பொய்யில்லை. பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கடைசித் தரிப்பில் இறங்கி, தேயிலைக்கு நடுவே கொஞ்சம் ஏறினால் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அம்மா அங்கேதான் இருக்கிறார். நான் டவுனில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். அறை அலுவலகத்துக்குக் கிட்ட என்று சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய்யில்லை. பொய் சொல்லாமலே ஒரு ஆளை முழுசாக மறைத்து வைக்கலாம் என்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

எச்.டி.ஆர். என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே இருட்டு என்று ஒரு இடம் இருந்தால் நம் கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், கமரா சமாளிக்காது. வானத்துக்கு அளந்தால் உள்ளே கறுத்துப்போகும். உள்ளே அளந்தால் வானம் வெளுத்துப்போகும். அதனால் கமராவை முக்காலியில் நிறுத்தி ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று எடுத்து, பிறகு கொம்பியூட்டரில் மூன்றையும் சேர்ப்பார்கள். வானமும் இருக்கும், உள்ளே உள்ளதும் தெரியும். அளவோடு செய்தால் செய்ததே தெரியாது. ஆனால் அந்த அளவில் நிற்கிறவர்கள் குறைவு. இன்னும் கொஞ்சம் தெரியட்டுமே என்று இழுத்துக்கொண்டே போவார்கள்.

இழுத்தால் மூன்று வினை வரும். முதலாவது ஹேலோ. கறுத்த கூரையும் வெளிச்சமான வானமும் சந்திக்கிற ஓரத்தில், கூரையைச் சுற்றி யாரோ சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளைக் கசிவு. அடுத்தது படம் தட்டையாகிப் போவது. வெயிலில் இருக்கிறதும் நிழலில் இருக்கிறதும் ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குப் பிடிபடாது. கடைசியாக நிழல். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை நிழல்தான் சொல்லும். அதைத் தூக்கிவிட்டால் சாம்பல் பூசின மாதிரி ஒரு மந்தம்தான் மிஞ்சும்.

இதையெல்லாம் நான் கூட்டங்களில் அடிக்கடி சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஆள் சிரிப்பார்கள். "இவர் வந்துட்டாரு, கூரை ஓரத்தையெல்லாம் மூடிக்கங்க" என்று மாணிக்கக்கல் வியாபாரி கேலி செய்வார். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும். அங்கே எனக்கென்று இருந்த இடம் அது.

போன வருஷம் சேர் ஒரு பயிற்சி வைத்தார். ஒவ்வொருவரும் ஒரே காட்சியைச் சாதாவாக ஒன்றும் எச்.டி.ஆரில் ஒன்றும் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் குத்துவோம். யார் எடுத்தது என்று சொல்லக் கூடாது. சேர் யாரையாவது காட்டி முதலில் பேசச் சொல்வார். பிறகு மற்றவர்கள். எடுத்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். எது நல்லது என்று முடிவாகிறதோ அது நூலகத்து மண்டபத்தில் நாங்கள் வைக்கிற கண்காட்சிக்குப் போகும்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. மேல்மாடி ஜன்னலால் நல்ல வெளிச்சம். ஒரு பெரஹரா ஊர்வலத்து யானை, ஒரு விகாரை வாசல், சமனலவெவ நீர்த்தேக்கக் கரை என்று வரிசையாக வந்தன. நான் வழக்கம்போலக் கூரையோரங்களைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேர் அடுத்த சோடியைக் குத்தி, மூடியிருந்த தாளை எடுத்தார். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

இடது பக்கம் சாதாப் படம். ஒரு கதவு நிலை. நிலையில் சாய்ந்தபடி ஒரு வயசான பெண். வெயில் ஒரு பக்கமிருந்து வந்து கன்னத்தில் பாதியை மட்டும் தொட்டிருந்தது. பின்னால் முழு இருட்டு. மேலே தகரக் கூரையின் ஓரம், அதற்கு மேல் கொஞ்சம் வெளுத்துப்போன வானம். வெளிச்சம் அருமையாக விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். நான் முதலில் பார்த்தது வெளிச்சத்தை. அது அம்மா என்பது இரண்டாவதாகத்தான் தெரிந்தது.

இதை எழுதும்போதும் கூசுகிறது. பெற்ற தாயின் முகத்தை ஒரு கணம் வெறும் வெளிச்சமாகப் பார்த்திருக்கிறேன்.

பிறகு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. நிலையில் அடித்திருந்த தகரத் துண்டு நான் அடித்தது. முன்திண்ணை இஸ்தோப்பில் பாதிச் சுவருக்குப் பூசிய நீலம் தீபாவளிக்கு அம்மா பூசியது. அம்மா கட்டியிருந்தது வீட்டில் கட்டுகிற அந்தக் கரையெல்லாம் வெளுத்துப்போன சேலை, மேலே என் பழைய அலுவலகச் சட்டை. முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தார்.

வலது பக்கம் எச்.டி.ஆர். அதில் இருட்டு இல்லை. இருட்டுக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்திருந்தது. புகை படிந்த சுவர். சுவருக்குச் சுவர் கட்டின கயிறு, கயிற்றில் உள்பாவாடை, துவாய். அரிசி மூட்டை. பிளாஸ்டிக் வாளிகள். பொலித்தீன் போட்டு மூடின டி.வி. முருகன் படம். முருகன் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு மாட்டின இன்னொரு படம். கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு, கையில் சுருட்டின தாளோடு நிற்கிற ஒருவன். பட்டமளிப்பு அன்று எடுத்தது. அந்த ஒருவன் நான்.

அம்மாவை யார் எப்போது எடுத்தார்கள் என்பதெல்லாம் அப்போது மனசில் வரவில்லை. அந்தச் சட்டத்துக்குள் இருக்கிற முகத்தை இவர்கள் அடையாளம் கண்டுவிடுவார்களா என்பது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நகம் அளவுகூட இல்லை. அதுவும் கண்ணாடியில் வாசல் வெளிச்சம் பட்டுப் பாதி முகம் மறைந்திருந்தது. ஆனால் மற்றப் பாதி இருந்தது.

"சொல்லுங்க" என்றார் சேர்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். இது என் வீடு சேர், இது என் அம்மா. சிங்களத்தில் சொன்னால் இன்னும் சின்ன வாக்கியம். வாய்க்குள் வந்தது, நாக்கில் நின்றது. வெளியே வரவில்லை.

நான் எழுந்து பலகைக்குக் கிட்டப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹேலோவைப் பற்றிப் பேசினேன்.

கூரை ஓரம் முழுக்க வெள்ளைக் கசிவு இருக்கிறது என்றேன். இருந்தது. அம்மாவின் தலைமுடிக்கும் இருட்டுக்கும் நடுவிலும் ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது, மூன்று படங்கள் எடுக்கிற நேரத்தில் ஆள் தலையைக் கொஞ்சம் அசைத்திருக்கிறார், காதோரம் இரட்டையாகத் தெரிகிறது பாருங்கள் என்றேன். அதுவும் உண்மை. "ஆள்" என்றுதான் சொன்னேன். சாதாப் படத்தில் வெயில் கன்னத்தை உருட்டிக் காட்டுகிறது, எச்.டி.ஆரில் அதே கன்னம் தட்டையாகிவிட்டது, சுவரும் முகமும் ஒரே வெளிச்சத்தில் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்றேன். வாசலுக்கு உள்ளே இருட்டாக இருப்பதுதான் இயல்பு, வெயிலில் நின்று பார்த்தால் நமக்கும் உள்ளே தெரியாது, நிழலை அப்படியே விட்டிருக்கலாம் என்றேன்.

ஒரு சொல்கூடப் பிழையில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். என்னைக் குடைகிறதும் அதுதான். பிழையாக எதையாவது உளறியிருந்தால் பயத்தில் உளறினேன் என்று ஆறுதல் தேடிக்கொள்ளலாம். தெரிந்ததை எல்லாம் ஒழுங்காக, வரிசையாகச் சொல்லி, அந்த அறிவைக் கொண்டே என் வீட்டுக் கதவைச் சாத்தினேன்.

சேர் தலையாட்டினார். ஆனாலும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "ஹேலோ எச்.டி.ஆரோட குத்தம் இல்ல, அளவுக்குக் கூட இழுத்தவரோட குத்தம்" என்றார். "கொஞ்சம் குறைச்சிருந்தா உள்ளயும் தெரிஞ்சிருக்கும், கூரையும் நல்லா இருந்திருக்கும். சாதாப் படத்துல வானம் போயிருச்சே, அத நீங்க சொல்லலையே?"

சொல்லவில்லைதான். வானத்தைப் பற்றி நினைக்க எனக்கு அப்போது நேரமில்லை.

அதற்குள் மாணிக்கக்கல் வியாபாரி எழுந்து வந்துவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற, கல்லில் வெடிப்புப் பார்க்கிற லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு படத்தில் மூக்கு முட்டக் குனிந்தார். முதலில் கூரை ஓரம். "ஆமா, கசியுது." பிறகு காதோரம். பிறகு மெதுவாக உள்ளே போனார். வாளி, மூட்டை, டி.வி. அடுத்தது அந்தச் சுவர்தான்.

"இது யாரு? பட்டம் வாங்கின ஆளு மாதிரி இருக்கு" என்றார்.

அவர் இன்னும் குனிந்தார். "முகம் விளங்கல்ல. வெறும் புள்ளியா இருக்கு. லயத்துல எப்படி?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கல்லில் எதிர்பாராத நிறம் தெரிந்தால் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஸ்டூடியோவுல மாதிரிக்கு வச்சிருக்கிற படமா இருக்கும்" என்றேன் நான். "சட்டத்தோட வாங்கி மாட்டியிருப்பாங்க."

இது பொய். அத்தனை நாளும் பொய் சொல்லாமல் சமாளித்தவன், அன்றைக்குக் கேட்கவும் ஆளில்லாமல் நானாக வலியப் போய்ச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவர் பொதுவாகத்தான் கேட்டார். அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட டவுனுக்கு வந்து, கடை கடையாக ஏறி, கண்ணாடி உடைந்துவிடும் என்று பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனவர். எங்கள் லயத்தில் யார் வந்தாலும் முதலில் அந்தச் சுவரைத்தான் காட்டுவார். அதை நான் யாரோ ஒருவரின் ஸ்டூடியோப் படம் ஆக்கினேன்.

மற்றவர்கள் இரண்டொரு வார்த்தை சொன்னார்கள். ஒரு அக்கா, ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறவர், "எனக்கு உள்ள தெரியிறதுதான் புடிச்சிருக்கு, இந்த அம்மா எங்க வாழுறாங்கன்னு தெரியுதே" என்றார். நான் உடனே குறுக்கிட்டு, "அது படத்தோட விஷயம் இல்லையே" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. கையுயர்த்தச் சொன்னபோது சாதாப் படம்தான் ஜெயித்தது. நானும் கையுயர்த்தினேன்.

"சரி, எடுத்தவர் பேசலாம்" என்றார் சேர்.

எழுந்தது கடைக்கார நானா.

நானா கடைச் சாமான் கொடுக்கத் தோட்டங்களுக்கு லொறியில் போகிறவர். கமராவும் கூடவே போகும். அது எல்லாருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்துக்கும் போவார் என்று நான் ஏன் நினைக்கவில்லை என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அவர் தமிழில் பேசியிருப்பார். அம்மாவும் பேசியிருப்பார். ஒரு ஆள் கமராவோடு வாசலில் வந்து நின்றால் என் அம்மா முதலில் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியாதா என்ன? எம்மகனும் டவுன்ல படம் எடுக்கிறாரு என்றுதான் தொடங்கியிருப்பார்.

நானா என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார். தண்ணீர் டேங்க் இறக்கப் போன இடத்தில் எடுத்தது. தனக்கும் சாதாப் படம்தான் பிடித்தது. ஆனால் அந்த அம்மா, வெளியே மட்டும் எடுக்காதீங்க, உள்ளேயும் தெரிகிற மாதிரி எடுங்க என்று கேட்டார். அதனால்தான் மூன்றாக எடுத்துச் சேர்த்து, உள்ளே தெரிகிற வரைக்கும் இழுத்தாராம். ஹேலோ வந்தது தெரியுமாம்.

"உள்ள என்னா தெரியணுமாம்?" என்று மாணிக்கக்கல் வியாபாரி கேட்டார்.

நானா ஒரு கணம் யோசித்தார். "வீடு" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

அது யாருடைய வீடு என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் ஒரே வெட்கத்தோடு முடிந்திருக்கும். எடுத்தவர் கடைசியில்தான் பேசலாம் என்கிற விதியால் அத்தனை நேரமும் வாயை மூடிக்கொண்டு, நான் பேசினதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பேசலாம் என்று வந்த பிறகும் என்னைக் காப்பாற்றினார். காப்பாற்றப்படுவது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு கீழே கடைக்குள் வந்தேன். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே அவர் அந்த எச்.டி.ஆர். அச்சை ஒரு பெரிய காகித உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது ஒங்கட அம்மாக்கு" என்றார். "ஒங்க கைல குடுத்தனுப்புறன்டு சொல்லிட்டு வந்தன்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். "நானா, நான் வந்து..."

"நீங்க சந்தோசப்படுவீங்கண்டுதான் சொல்லாம கொண்டுவந்தன்" என்றார். "பரவால்ல. எனக்குத்தான் வெளங்கல்ல." உறையின் வாயை மடித்து ஒட்டினார். "நீங்க சொன்னதெல்லாம் சரிதான். கூரை ஓரத்துல அளவுக்குக் கூடத்தான் இழுத்துட்டன்."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வாடிக்கையாளர் பைப் கேட்டு வந்தார், அவரைக் கவனிக்கப் போய்விட்டார். நான் உறையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நனையக் கூடாது என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், மழை இல்லாத போதும்.

அடுத்த வாரம் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் இதைக் கொடுக்காமலே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு யோசனை. ஆனால் நானா இன்னொரு நாள் அந்தப் பக்கம் போனால் அம்மா கேட்பாரே. அந்தப் பயத்தில்தான் கொடுத்தேன். பாசத்தில் என்று சொல்ல ஆசைதான்.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னலில்லாத அறை என்பதால் வாசலுக்கு வந்து, அந்தப் படத்தில் நிற்கிற அதே இடத்தில் நின்று, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். தன்னைப் பார்க்கவே இல்லை. கண் நேராக உள்ளே போனது. சுவர், முருகன், சட்டம்.

"இந்தா இருக்கீங்கல்ல!" என்றார். சத்தமாகச் சிரித்தார். பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க, தம்பி எப்புடி தெரியிறாருன்னு. அந்த நானாட்ட நா அப்பவே சொன்னேன், உள்ள எம்மகன் இருக்காரு, அவரு தெரியாட்டி படம் எதுக்குன்னு."

அத்தை பார்த்தார். "ஆமா, தொப்பியெல்லாம் தெரியுதே" என்றார். இரண்டு பேரும் அந்த நகம் அளவு இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஹேலோவை ஒருவரும் பார்க்கவில்லை. தட்டையாக இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் அந்தப் படத்தைக் கேட்டது எதற்கோ, அதை அது கொடுத்துவிட்டது. அத்தை போன பிறகு அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். படத்தை மூட்டைக்கு மேலே சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒங்க கூட்டத்துல காட்டுறேன்னு அந்த நானா சொன்னாரே, காட்டினாரா?"

"ம்."

"என்னா சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க. கூரை ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெள்ளையா கசிஞ்சிருக்கு. ஒங்க மொகத்துல நெழல் இல்லாம போச்சு, அதனால கொஞ்சம்..."

"அது கெடக்குது" என்றார் அம்மா. "இது நீங்கதான்னு சொன்னப்ப என்னா சொன்னாங்க?"

தேத்தண்ணிக் கோப்பை சுட்டது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஆமாம்மா, எல்லாரும் கை தட்டினாங்க என்று சொல்லியிருக்கலாம். பொய்யில் அப்போதுதான் கை பழகியிருந்தது. அம்மாவின் முகத்துக்கு நேராக அது வரவில்லை.

"நா சொல்லலம்மா" என்றேன். "எங்க வீடுன்னு யாருட்டயும் சொல்லல."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. வாசலில் சாய்ந்து நிற்கிற பெண்ணைப் பார்த்தார், அப்போதுதான் முதல் தரம் பார்க்கிறதுபோல. மேலே கிடந்த என் பழைய சட்டை, வெளுத்த கரை, வெறுங்காது. பார்த்துக்கொண்டே, என்னவோ தானே பிழை விட்டதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லதுதான்யா. நா வேற இந்தச் சட்டையோட போயி நின்னுட்டேன். அந்த நானா திடீர்னு நிக்கச் சொன்னாரு. தெரிஞ்சிருந்தா அந்தப் பச்சச் சேலைய கட்டிக்கிட்டு நின்னுருப்பேன், நீங்களும் சொல்லிருப்பீங்க."

எழுந்து போய் அரிசி மூட்டை மேல் இருந்த படத்தைத் திருப்பி, சுவரைப் பார்க்க வைத்தார்.